பாட்டு நின்ற பாண் ஓட்டோ: ஒரு வரிக் கதையை ஐந்து நிமிட அனிமேஷனுக்கு மூன்று அங்கமாகப் பிரிப்பது எப்படி?

வெள்ளவத்தையில் பின்னேரம் நாலரைக்கு எங்கள் ஒழுங்கைக்குள் சூன் பாண் ஓட்டோ வரும். பீத்தோவனின் 'ஃபூர் எலீஸ்' மெட்டைக் கிரீச்சிட்டுக்கொண்டு வரும் அந்த ஓட்டோவைக் கொழும்பில் தெரியாதவர் இல்லை. ஒருநாள் சத்தமே இல்லாமல் வந்து நின்றது. பாட்டுப் பெட்டி பழுது. பாண்காரர் இறங்கி நின்று மேலே ஜன்னல்களைப் பார்த்தார். ஒருத்தரும் வரவில்லை. அவரும் கூப்பிடவில்லை. ஐந்து நிமிடம் நின்றுவிட்டுப் போய்விட்டார்.

அன்றிரவு குறிப்புப் புத்தகத்தில் ஒரு வரி எழுதினேன்: "பாட்டு நின்றுபோன பாண் ஓட்டோக்காரர் வியாபாரம் இல்லாமல் கஷ்டப்படுகிறார்." அந்த வரி 15 அட்டைகள் கொண்ட அவுட்லைனாக மாறியதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். வேறு உதாரணம் தேடவில்லை. ஒரே கதையைக் கடைசிவரை கொண்டுபோனால்தான் எங்கே இடறும் என்று தெரியும்.

முதல் படி: வரியைக் கதையாக்குதல்

நான் எழுதிய வரி கதை இல்லை, நிலைமை. "கஷ்டப்படுகிறார்" என்பதை எப்படி வரைவீர்கள்? தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரைத்தான் வரையலாம். அதைப் பத்து விநாடிக்கு மேல் யாரும் பார்க்கமாட்டார்கள்.

ஒரு வரி அவுட்லைனாக விரியவேண்டுமானால் அதற்குள் நான்கு விஷயங்கள் இருக்கவேண்டும். அவருக்குக் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு காரியம் ஆகவேண்டும். அதை அவருக்கு மட்டும் கடினமாக்கும் ஒரு குறை அவரிடமே இருக்கவேண்டும். ஒரு கெடு இருக்கவேண்டும். தவறினால் என்ன போகும் என்பது தெரியவேண்டும்.

இதில் இரண்டாவதுதான் எல்லோரும் கோட்டைவிடும் இடம். பாட்டுப் பெட்டி பழுதானால் எந்தப் பாண்காரரும் "பாண், பாண்" என்று கத்தி விற்றுவிட்டுப் போவார். அப்படியானால் கதை முப்பது விநாடியில் முடிந்துவிடும். ஆகவே இந்த மனிதரால் ஏன் கத்த முடியவில்லை? நான் பார்த்தவர் உண்மையில் ஏன் கூப்பிடவில்லையோ, தெரியாது. என் கதையில் அவர் வாய் திறக்கக் கூச்சப்படுபவர். இத்தனை வருடமும் பெட்டிதான் அவருக்காகக் கூப்பிட்டது. இப்போது பெட்டி நின்றது வெறும் பழுது அல்ல, அவருடைய குறையைக் குறிபார்த்து வந்த பழுது.

கெடுவுக்கு முதலில் கடிகாரம் ஒன்றைக் காட்டலாம் என்று நினைத்தேன். பிறகு பாண் பெட்டியின் கண்ணாடியில் படிந்திருக்கும் ஆவி ஞாபகம் வந்தது. பாண் ஆற ஆற அந்த ஆவிப்படலம் சுருங்கும். கடிகாரத்தை விட அது நல்லது, ஏனென்றால் எது போகப்போகிறது என்பதையும் அதுவே சொல்லிவிடுகிறது. மூன்றாம் முறை திருத்தியபோது வரி இப்படி வந்தது:

"வாய் திறக்கக் கூச்சப்படும் ஒரு பாண்காரர், ஓட்டோவின் பாட்டு நின்றுபோன ஒரு மாலையில், கண்ணாடியில் ஆவி மறைவதற்குள் ஒழுங்கைச் சனத்தைக் கீழே வரவைக்க வேண்டும்."

இந்த வரியைக் கதை தெரியாத ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். அவர் "பிறகு என்ன செய்தார்?" என்று கேட்டால் இரண்டாம் அங்கம் அதற்குள் இருக்கிறது. "ஓ, நல்லாயிருக்கு" என்று சொன்னால் திரும்பப் போய் எழுதுங்கள். எனக்கு முதல் இரண்டு தரமும் "நல்லாயிருக்கு"தான் கிடைத்தது.

இரண்டாம் படி: நேரத்தை எண்ணி வைத்தல்

ஐந்து நிமிடம் என்றால் 300 விநாடி. தலைப்புக்கு 8, கடைசிப் பெயர்ப்பட்டியலுக்கு 22 போனால் கதைக்கு மிஞ்சுவது 270. அதை நான் 55, 150, 65 என்று பிரித்தேன். நீளப்படத்தில் முதல் அங்கத்துக்குக் கால்வாசி நேரம் கொடுப்பது வழக்கம். ஐந்து நிமிடப் படத்தில் அவ்வளவு கொடுத்தால் நடு அங்கம் மூச்சுத் திணறும். பிரச்சினை ஒரு நிமிடத்துக்குள் வெடித்துவிட வேண்டும்.

அனிமேஷனில் நேரம் என்பது உழைப்பும்கூட. விநாடிக்கு 24 ஃபிரேம். ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்குப் பிடித்துவைக்கும் வழக்கமான முறையில் விநாடிக்கு 12 படம். ஒரே ஒரு ஆள் முழுநேரமும் அசைந்தால் 270 விநாடிக்கு 3,240 படம். ஒரு நாளைக்கு இரண்டு விநாடி வரையக்கூடிய ஒருவருக்கு 135 நாள் வேலை, அதுவும் ஓர் ஆளுக்கு மட்டும். அவுட்லைனில் "கூட்டம் கூடுகிறது" என்று எழுதும்போது பேனாவுக்கு வலிக்காது. என் முதல் படத்துக்கு நான் 11 பாத்திரங்களை எழுதிவைத்தேன். அசையாத கோட்டுப் படங்களை நேரக் கணக்கில் அடுக்கிய அனிமேட்டிக்கை வெட்டிப் பார்த்தபோது ஒன்பது நிமிடம் வந்தது. அந்தப் படம் இன்றும் என் ஹார்ட் டிஸ்க்கில் தூங்குகிறது.

அதனால் இந்த முறை ஆரம்பத்திலேயே எல்லை போட்டேன்: ஒரே ஒழுங்கை, ஒரே மாலை, இரண்டு முக்கியப் பாத்திரம். வசனம் இல்லை. வசனம் இல்லாவிட்டால் வாயசைவு வரையத் தேவையில்லை, மூன்று மொழிக்காரரும் சப்டைட்டில் இல்லாமல் பார்க்கலாம்.

மூன்றாம் படி: கடைசியை முதலில் எழுதுதல்

இந்த இடத்தில்தான் நான் அதிக நாள் நின்றேன். வரியைப் படித்தவுடன் எல்லோருக்கும் தோன்றும் முடிவு: கடைசியில் அவர் துணிந்து "பாண்!" என்று கத்துகிறார், சனம் ஓடிவருகிறது. பார்ப்பவர் இதை முதல் நிமிடத்திலேயே ஊகித்துவிடுவார். அதைவிட மோசம், அவர் ஏன் இப்போது துணிந்தார் என்பதற்குக் காரணமே இல்லை. நேரம் முடிகிறது, அதனால் துணிந்தார் என்றால் எழுதியவருக்கு அவசரம் என்றுதான் அர்த்தம்.

முடிவுக்கு நான் வைத்துக்கொள்ளும் கேள்வி இதுதான்: அவர் தேடிவந்த காரியத்தைக் கொஞ்ச நேரம் மறந்து வேறொன்றைச் செய்ய, அதுவே காரியத்தை முடித்துக்கொடுக்க வழி உண்டா?

விடை பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. 'ஃபூர் எலீஸ்' பியானோ பழகும் பிள்ளைகளின் மெட்டும்தான். தொடக்கத்தில் இரண்டு சுரம் மாறி மாறி வரும்: மேல், கீழ், மேல், கீழ், மேல். ஐந்து முடிந்ததும் ஆறாவது சுரம் சட்டென்று கீழே இறங்கும். பழகும் பிள்ளை எத்தனை தரம் மாறவேண்டும் என்பதை எண்ணத் தவறி, இறங்கத் தெரியாமல் அந்த இரண்டு சுரத்திலேயே ஆடிக்கொண்டிருக்கும். எங்கள் தொடர்மாடியில் ஒரு பிள்ளை மாதக்கணக்காக அங்கேதான் நின்றது.

அந்த ஆறாவது சுரத்தை இந்த உலகத்தில் பாண்காரரை விட அதிகம் கேட்டவர் யார்? ஆகவே முடிவு: எல்லாம் தோற்று, அவர் கிளம்பும் நேரத்தில் மேலே பிள்ளை திரும்பவும் அதே இடத்தில் சிக்குகிறது. அவர் பொறுக்கமாட்டாமல் ஆறாவது சுரத்தை முனகிவிடுகிறார். பாண் விற்க அல்ல, பிழையைக் கேட்டுக்கொண்டிருக்க முடியாமல். வாய் திறந்துவிட்டது. பிள்ளை பிடித்துக்கொண்டு வாசிக்கிறது. ஒழுங்கையில் பாட்டு திரும்பி வருகிறது.

முடிவு கிடைத்ததும் முதல் அங்கத்தில் எதை விதைக்கவேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும். பிள்ளையின் தடுமாற்றம் படத்தில் மூன்று தரம் கேட்கவேண்டும். ஒரு தரம் கேட்டால் மறந்துவிடுவார்கள். இரண்டாம் தரம் சிரிப்பார்கள். மூன்றாம் தரம் அவர்களே ஆறாவது சுரத்தை மனதுக்குள் முனகுவார்கள்.

(உரிமை பற்றி ஒரு வார்த்தை. பீத்தோவன் 1827இல் இறந்தவர், மெட்டு பொதுச்சொத்து. ஆனால் இணையத்தில் கிடைக்கும் ஒரு வாசிப்பின் ஒலிப்பதிவுக்கு அதற்கென்று தனி உரிமை இருக்கும். யாராவது தெரிந்த பிள்ளையை உட்காரவைத்துப் பதிவுசெய்யுங்கள். பிழைவிட்டு வாசிக்க எப்படியும் பிள்ளைதான் தேவை.)

நான்காம் படி: முதல் அங்கம், 55 விநாடி

இதற்குள் பார்ப்பவருக்குத் தெரியவேண்டியவை: பாட்டு வந்தால் சனம் வரும், இவர் பேசமாட்டார், மேலே ஒரு பிள்ளை பழகுகிறது, பாட்டு செத்துவிட்டது.

ஓர் அட்டைக்கு ஒரு நிகழ்ச்சி என்று எழுதுங்கள். நான் எழுதியது:

1. (12 வி.) மேலிருந்து ஒழுங்கை. ஓட்டோவிலிருந்து பாட்டு ஒரு மஞ்சள் நாடாவாகக் கிளம்பி மாடிகளில் ஏறுகிறது. தொட்ட ஜன்னல்கள் திறக்கின்றன.
2. (13 வி.) ஒரு கை கிம்புலா பனிஸைக் காட்டி விலை கேட்கிறது. அவர் விரல்களால் விலை காட்டுகிறார். வாயை மூடியபடி சிரிப்பு.
3. (10 வி.) முதல் மாடி பால்கனி. பிள்ளை கீபோர்டில் அதே மெட்டு. ஐந்தாவது சுரத்தைத் தாண்டமுடியவில்லை. அவளுடைய மெட்டு நீல நாடாவாகக் கிளம்பி, முடிச்சு விழுந்து தொங்குகிறது.
4. (12 வி.) பெட்டி இழுக்கிறது, கரகரக்கிறது, நிற்கிறது. மஞ்சள் நாடா தார் ரோட்டில் விழுகிறது.
5. (8 வி.) பெட்டியில் இரண்டு தட்டு. பயனில்லை. திரும்பிப் பார்க்கிறார்: தட்டு நிறையப் பாண், கண்ணாடி முழுக்க ஆவி.

கூச்சத்துக்குக் காரணம் சொல்ல ஒரு பழைய பள்ளிக்கூடக் காட்சி எழுதியிருந்தேன். சின்ன வயதில் வகுப்பே அவர் குரலைக் கேட்டுச் சிரிக்கிறது. முப்பது விநாடி. புது இடம், இருபது பிள்ளைகள். இரண்டாம் அட்டையில் அவர் விரலால் விலை காட்டுவதே அதே வேலையைச் செய்கிறது என்று விளங்கியதும் அதைக் கிழித்துப் போட்டேன். குறுகிய படத்தில் ஒருவர் ஏன் அப்படி ஆனார் என்பது தேவையில்லை, அப்படி இருக்கிறார் என்பது போதும்.

ஐந்தாம் படி: நடு அங்கம், 150 விநாடி

நடு அங்கம் என்பது முயற்சிகளின் சங்கிலி. சங்கிலியா, வெறும் வரிசையா என்று பார்க்க எளிய வழி, இரண்டு அட்டைக்கு இடையே என்ன சொல் வருகிறது என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பது. "அதனால்" அல்லது "ஆனால்" வந்தால் சங்கிலி. "பிறகு" வந்தால் வரிசை. என் முதல் வடிவம்: ஹோர்ன் அடிக்கிறார், பிறகு தட்டில் தட்டுகிறார், பிறகு கத்தப் பார்க்கிறார். மூன்றையும் எந்த ஒழுங்கில் மாற்றிப்போட்டாலும் கதை மாறவில்லை. அதுதான் நோயின் அறிகுறி.

திருத்திய பிறகு:

6. (25 வி.) ஹோர்ன் அடிக்கிறார். தொடர்மாடிக் காவலாளி ஓடிவந்து சல்யூட் அடித்துக் கேட்டைத் திறக்கிறார். கை அசைத்து "இல்லை, இல்லை."
7. (20 வி.) *ஆனால்* கேட் திறந்ததைப் பார்த்துப் பின்னால் ஒரு கார் நுழையப் பார்க்கிறது. ஹோர்ன் மேல் ஹோர்ன். *அதனால்* ஓட்டோ ஒழுங்கையின் கீழ்ப்பக்கம் தள்ளப்படுகிறது. கடந்துபோகும்போது மேலே நீல முடிச்சு, இரண்டாம் தரம்.
8. (35 வி.) ஹோர்ன் உதவாது, *அதனால்* இடுக்கியால் தட்டில் தாளம் போடுகிறார். இரண்டு ஜன்னல் திறக்கிறது! உற்சாகத்தில் கண்ணாடிக் கதவைத் திறந்து வைத்துவிட்டு இன்னும் பலமாகத் தட்டுகிறார். *ஆனால்* சாப்பாட்டுச் சத்தம் என்று வந்தவை காகங்கள்.
9. (20 வி.) சண்டை. ஜன்னல்கள் படபடவென்று மூடுகின்றன. பனிஸ் பாதி போய்விட்டது. கதவு திறந்திருந்ததால் ஆவி உள்ளங்கை அளவு.
10. (30 வி.) *அதனால்* குரல் ஒன்றுதான் மிச்சம். ஒழுங்கை முடிவில், மெரைன் டிரைவ் பக்கம் நின்று, மூச்சை இழுத்து வாய் திறக்கிறார். *ஆனால்* கரையோரத் தண்டவாளத்தில் ரயில்.
11. (20 வி.) ரயில் போய்விட்டது. வாய் இன்னும் திறந்தபடி. சைக்கிளில் ஒரு பையன் பார்த்துக்கொண்டிருக்கிறான். வாய் மூடுகிறது. ஆவி ஒரு ரூபாய்க் குற்றியளவு. பெட்டி லைட்டை அணைக்கிறார்.

எட்டாம் அட்டையைக் கவனியுங்கள். படத்தின் நடுப்புள்ளி 2:30. காக அட்டை 1:48இல் தொடங்கி 2:23இல் முடிகிறது. நடுப்புள்ளியை ஒட்டி முதலில் ஜெயிப்பதுபோல ஒரு வாசனை காட்டவேண்டும். அதுவரை தோல்வி மேல் தோல்வி என்றால் பார்ப்பவர் மரத்துப்போவார். இரண்டு ஜன்னல் திறக்கும் அந்த நான்கு விநாடிக்காகத்தான் காகங்கள் வலிக்கின்றன. காகம் வந்ததும் அவருடைய சொந்த ஆர்வக்கோளாறால்தான், விதியால் அல்ல. தோல்வி பாத்திரத்தின் கையால் வந்தால் அடுத்த அட்டைக்கு "அதனால்" தானாகக் கிடைக்கும்.

ரயிலைத் தற்செயல் என்று ஒரு நண்பர் குறை சொன்னார். நியாயம்தான். ஆனால் கஷ்டத்தைக் கூட்டும் தற்செயலை மக்கள் மன்னிப்பார்கள், கஷ்டத்தைத் தீர்க்கும் தற்செயலைத்தான் மன்னிக்கமாட்டார்கள். இருந்தாலும் முதல் அட்டையில், ஒழுங்கை முடிவில், கடலுக்கு முன்னால் தண்டவாளம் தெரியும்படி பிறகு சேர்த்து எழுதிவைத்தேன்.

ஆறாம் படி: கடைசி அங்கம், 65 விநாடி

12. (15 வி.) எஞ்சினை இயக்கி, வந்த வழியே பால்கனிக்குக் கீழே வருகிறார். மேலே கீபோர்ட், ஐந்து சுரம், சிக்கல். மூன்றாம் தரம். கை எஞ்சினை அணைக்கிறது.
13. (15 வி.) ஆறாவது சுரத்தை முனகுகிறார். மெல்லிய மஞ்சள் இழை. பால்கனிக் கம்பிக்கு மேலாக ஒரு தலை. அவள் திரும்ப ஐந்து வாசித்து நிறுத்துகிறாள். அவர் ஆறாவதைக் கொடுக்கிறார்.
14. (20 வி.) நீலமும் மஞ்சளும் பின்னி மாடி ஏறுகின்றன. ஜன்னல் ஜன்னலாக வெளிச்சம்.
15. (15 வி.) பிள்ளை சில்லறையோடு கீழே நிற்கிறாள். மிஞ்சிய ஒரு பனிஸைக் காட்டி விலை கேட்கிறாள்.

முடிவெடுக்கும் கணம் பதின்மூன்றாவது அட்டை என்று தோன்றும். இல்லை, பன்னிரண்டில் எஞ்சினை அணைக்கும் கைதான். வியாபாரம் போய்விட்டது, வீட்டுக்குப் போகலாம், ஆனாலும் நிற்கிறார். அந்தக் கைக்கு ஒரு முழு ஷொட் கொடுக்கவேண்டும் என்று அட்டையிலேயே எழுதிவிடுங்கள். பிறகு ஸ்டோரிபோர்ட் போடும்போது மறந்துவிடும்.

ஏழாம் படி: கடிகாரத்தோடு நடித்துப் பார்த்தல்

எழுதிய அவுட்லைன் நேரத்தைப் பற்றிப் பொய் சொல்லும். "காகங்கள் பனிஸைத் தூக்கிச் செல்கின்றன" என்று வாசிக்க இரண்டு விநாடி. திரையில் அது பன்னிரண்டு. ஃபோனில் ஸ்டொப்வொச்சைப் போட்டு ஒவ்வோர் அட்டையையும் எழுந்து நின்று நடித்துப் பாருங்கள். கதவைச் சாத்திக்கொள்வது நல்லது. என் எட்டாம் அட்டை முதல் தடவை 52 விநாடி எடுத்தது. ஏழு காகம் இருந்ததால்தான். மூன்றாகக் குறைத்ததும் 35க்குள் வந்தது. வரைய வேண்டிய வேலையும் பாதிக்கு மேல் குறைந்தது.

நடிக்கும்போது வேறொன்றும் பிடிபடும். உங்கள் உடம்பால் காட்டமுடியாத வினைச்சொல் அட்டையில் இருந்தால் அது வரையவும் முடியாது. "நினைக்கிறார்", "உணர்கிறார்", "முடிவெடுக்கிறார்" எல்லாவற்றையும் அடித்துவிட்டு அந்த இடத்தில் கை என்ன செய்கிறது என்று எழுதுங்கள்.

இன்னொருவரை வைத்து நடித்தால் இன்னும் நல்லது. என் முதல் வடிவத்தில் பிள்ளை நான்காம் மாடியில் இருந்தாள். தங்கச்சியைப் பால்கனியில் நிறுத்திக் கீழேயிருந்து நான் முனகினேன். "என்னண்ணா, ஒண்டும் கேக்கேல்ல" என்று மேலேயிருந்து கத்தினாள். கூச்சக்காரர் முனகுவது நான்காம் மாடிக்குக் கேட்குமா? பிள்ளையை அன்றே முதல் மாடிக்கு இறக்கினேன்.

பதினைந்தாம் அட்டை மட்டும் பாக்கி நின்றது. பிள்ளை விலை கேட்கிறாள், அவர் விரல் பழக்கத்தில் உயர்கிறது, பாதியில் நின்று இறங்குகிறது, வாய் திறக்கிறது. எண்ணை அவர் சொல்லவேண்டும். எந்த மொழியில்? தமிழில் சொன்னால் அவர் தமிழர், சிங்களத்தில் சொன்னால் சிங்களவர். அதுவரை நான்கரை நிமிடம் ஒழுங்கையில் யாரும் யாரென்று கேட்கவில்லை. நாங்கள் மூன்று பேர் ஒரு மணித்தியாலம் இதைப் பற்றித்தான் கதைத்தோம். கடைசியில் அட்டையில் எழுதியது இது: "வாய் திறக்கிறது. சத்தம் வருவதற்கு முன் வெட்டு. 4:38."